பார்கோடு படத்தை வைத்து ஒரு தேயிலைப் பக்கற்றை எப்படிப் பார்ப்பது

கட்டாரில் ஒரு பல்பொருள் அங்காடியில் வேலை செய்யும் அக்கா மகன் போன மாதம் இரண்டு தேயிலைப் பக்கற்றுகளின் படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தான். இரண்டிலும் 'சிலோன் டீ' என்று எழுதியிருந்தது. ஒன்றின் பார்கோடு 629 என்று தொடங்கியது, மற்றது 479 என்று தொடங்கியது. "மாமா, 479 தான் இலங்கை, மற்றது போலி என்று கூட வேலை செய்பவர்கள் சொல்கிறார்கள். பார்த்துச் சொல்லுங்கள்" என்று கீழே கேட்டிருந்தான்.

ஹட்டனில் ஒரு தேயிலைப் பொதியிடும் நிலையத்தில் பல வருடங்கள் வேலை செய்தவன் நான். இப்போது அதே ஊரில் சிறிய கடை வைத்திருக்கிறேன். இப்படிப் படம் அனுப்பிக் கேட்பவர்கள் எனக்குப் புதியவர்கள் அல்லர். தேயிலை பறித்த குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு, வெளிநாட்டுக் கடையில் தங்கள் மலையின் பெயரைப் பார்த்ததும் அது உண்மையானதுதானா என்று அறியும் ஆவல் வருவது இயல்பு. அவனுக்கு எழுதிய பதிலைக் கொஞ்சம் விரித்து, இந்த வேலையைப் புதிதாகப் பழகுகிறவர்களுக்காக இங்கே தருகிறேன்.

முதலில் மனதில் பதிக்கவேண்டியது ஒன்று. பக்கற்றின் பின்புறம் இருக்கும் பார்கோடு அந்தப் பக்கற்றுக்கு மட்டும் உரியது அல்ல. ஒரு நிறுவனத்தின் 200 கிராம் தூள் பக்கற்றுகள் பத்து இலட்சம் இருந்தாலும் அத்தனையிலும் அதே 13 இலக்கங்கள்தான் இருக்கும். அதனால் உண்மையான எண்ணை யாரும் பார்த்து அப்படியே அச்சிட்டுக்கொள்ளலாம். வெறும் பையைச் சேகரித்து வேறு தூளை நிரப்பி ஒட்டினால் பார்கோடு மட்டுமல்ல, பையும் அசலாகவே இருக்கும். படத்தில் ஒரு பிழை கண்டால் அது நமக்குத் தகவல். பிழை எதுவும் இல்லை என்றால் அதிலிருந்து எந்த முடிவுக்கும் வர முடியாது. இந்த ஒருபக்கச் சாய்வை மறந்தால் கீழே சொல்லும் எல்லாமே தவறாகப் பயன்படும்.

படம் சரியாக வந்தால்தான் பேச்சு

மருமகன் முதலில் அனுப்பியது பக்கற்றை நிமிர்த்தி வைத்து முழுதாக எடுத்த படம். அதைப் பெருப்பித்துப் பார்த்து, "கோடுகளின் ஓரம் மங்கலாக இருக்கிறது, போலிதான்" என்று ஒரு நண்பர் அவனிடம் சொல்லியிருக்கிறார். ஒரு சின்னக் கணக்குப் போட்டால் அந்தத் தீர்ப்பின் பெறுமதி தெரிந்துவிடும்.

இந்தப் பார்கோட்டின் வழக்கமான அளவில் மிக மெல்லிய கோட்டின் அகலம் 0.33 மில்லிமீற்றர். சிறிய பக்கற்றுகளில் அதை 80 சதவீதமாகக் குறைத்து அச்சிடவும் விதியில் இடமுண்டு. அப்போது அது கால் மில்லிமீற்றருக்குச் சற்றுக் கூடுதலாக இருக்கும். 20 சென்றிமீற்றர் உயரமான பக்கற்றின் படம் 1600 புள்ளி உயரமாகச் சுருங்கி வந்தால், ஒரு மில்லிமீற்றருக்கு 8 புள்ளிகள்தான் கிடைக்கும். மெல்லிய கோடு மூன்று புள்ளிகளுக்குள் அடங்கிவிடும். படத்தைச் சுருக்கும் முறையும் எட்டுக்கு எட்டுப் புள்ளிச் சதுரங்களாகப் பிரித்தே சுருக்குகிறது. அப்படியிருக்க, கோட்டின் ஓரத்தில் தெரியும் மங்கலில் அச்சின் பங்கு எவ்வளவு, கமராவின் பங்கு எவ்வளவு என்று யார் பிரித்துச் சொல்ல முடியும்? எதிர்ப்பக்கமும் உண்டு. கைத்தொலைபேசி தானாகவே படத்தைக் கூராக்கிக் காட்டும். கறுப்புக் கோட்டை ஒட்டி அச்சில் இல்லாத ஒரு வெள்ளை ஓரம் தெரிந்தால் அது அந்த வேலைதான்.

ஆகவே இப்படிக் கேளுங்கள். பக்கற்றைத் தட்டையாக வைத்து, பார்கோடு இருக்கும் இடத்தை விரலால் இழுத்துச் சமப்படுத்தவேண்டும். யன்னல் வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து விழவேண்டும், ஃபிளாஷ் வேண்டாம். பளபளப்பான பையில் அது பாதிக் கோடுகளை விழுங்கிவிடும். நம்மூரில் பனிமூட்டம் இறங்கிய பிற்பகலில் லயத்துக்குள் எடுத்த படத்தை வைத்து எதையும் பேச முடியாது, காலையில் வெளியே கொண்டுவந்து எடுப்பதே நல்லது. மிக அருகில் போனால் பெரும்பாலான கமராக்கள் குவியாது. ஒரு சாண் தள்ளி வைத்து இருமடங்கு பெருப்பித்து எடுக்கலாம். பக்கத்தில் ஓர் அடிமட்டம் இருந்தால் அளவும் தெரியும். எடுத்ததை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள். அப்போது சுருங்காமல் வரும்.

மூன்று படங்கள் தேவை: பார்கோடு மட்டும், தொகுதி எண்ணும் திகதியும் அடித்திருக்கும் இடம், பின்புறம் முழுவதும். மூன்றாவதை யாரும் அனுப்புவதில்லை. என் அனுபவத்தில் விடை கிடைப்பது பெரும்பாலும் அதில்தான்.

விற்பவர் அனுப்பும் படம் என்றால் இன்னொன்றையும் பாருங்கள். கோடுகளுக்குக் குறுக்கே வானவில் நிறத்தில் அலையலையாக வரிகள் ஓடினால் அது ஒரு திரையில் தெரிந்த படத்தை மறுபடி எடுத்ததாக இருக்கக்கூடும். அதைக்கொண்டு பக்கற்றைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. ஆனால் அந்த ஆள் பக்கற்றைக் கையில் வைத்திருக்கிறாரா என்ற சந்தேகம் நியாயமானது. இன்றைய பத்திரிகையின் மேல் பக்கற்றை வைத்து எடுத்து அனுப்பச் சொன்னால் அது தீர்ந்துவிடும்.

கூர்மை எதைச் சொல்கிறது

நான் வேலை செய்த காலத்தில் ஒருமுறை புதிய பை உருளைகள் வந்தன. பார்கோடு கொஞ்சம் பருத்து, கோடுகளுக்கு நடுவே இருக்கவேண்டிய வெள்ளை இடைவெளி ஒடுங்கிப் போயிருந்தது. அவசரத்தில் பொதியிட்டு அனுப்பிவிட்டோம். கடைகளில் வருடி படிக்கவில்லை என்று பெட்டி பெட்டியாகத் திரும்பி வந்தன. அத்தனையும் அசல் பக்கற்றுகள், உள்ளே இருந்ததும் எங்கள் தூள்தான். மங்கிய அச்சைக் கண்டதும் போலி என்று சொல்ல எனக்கு நா எழாததற்கு அந்தப் பெட்டிகளே காரணம்.

காரணம் அச்சு முறையில் இருக்கிறது. அட்டைப் பெட்டியில் ஆஃப்செட் முறையில் அச்சிட்டால் கோட்டின் ஓரம் கத்தியால் வெட்டியதுபோல இருக்கும். மெல்லிய பைகளை அச்சிடப் பெரும்பாலும் வேறு இரண்டு முறைகள் பயன்படுகின்றன. ஒன்றில் மை, உருளையில் குடைந்த நுண்ணிய குழிகளிலிருந்து பையில் ஏறுகிறது. உருப்பெருக்கியில் பார்த்தால் கோட்டின் ஓரம் அரத்தின் பல்போலத் தெரியும். மற்றதில் வளையக்கூடிய அச்சுத்தகடு பையை அழுத்துகிறது. மை ஓரத்துக்குப் பிதுங்கி, கோட்டின் விளிம்பில் கருமையான ஒரு வரம்பும் அதற்குள்ளே சற்று வெளிறிய பகுதியும் உண்டாகும். இரண்டும் அசல் பைகளின் இயல்பான தோற்றமே. இதைப் பார்த்து "கணினி அச்சில் எடுத்த போலி" என்று சொல்பவர்களை நான் பலமுறை சந்தித்திருக்கிறேன். மறுபுறம், நல்ல அச்சகத்தில் பணம் கொடுத்துச் செய்த போலி அசலைவிடக் கூராகவே இருக்கும்.

அச்சின் தரத்தை அளக்கத் தனிக் கருவி உண்டு. அது தன் சொந்த ஒளியை வீசி, திரும்பி வரும் ஒளியின் ஏற்ற இறக்கத்தை அளந்து, பார்கோடுக்கு ஒரு தரம் கொடுக்கும். அந்தத் தரமும் வருடி படிக்குமா இல்லையா என்பதைத்தான் சொல்லும். அசலா போலியா என்ற கேள்வி அதன் வேலை அல்ல.

அச்சில் உண்மையாகவே பயனுள்ள அடையாளம் ஒன்று இருக்கிறது, ஆனால் அது பக்கற்று கையில் இருந்தால்தான் கிடைக்கும். பத்து மடங்கு பெருப்பிக்கும் சிறிய லென்ஸ், நகைக்கடைக்காரர்கள் வைத்திருப்பது போதும். அசல் பையில் கறுப்புக் கோடு பெரும்பாலும் ஒரே மையால் அடித்ததாக இருக்கும். யாரோ அசல் பக்கற்றை வருடி எடுத்து அந்தப் படத்தையே மறுபடி அச்சிட்டிருந்தால், கறுப்பு என்று தெரிவது நீலம், செம்மை, மஞ்சள் புள்ளிகளும் கலந்து உண்டானதாக இருக்கும். கோட்டின் ஓரத்தில் நிறப் புள்ளிகள் சிதறிக் கிடக்கும். பார்கோட்டைவிட, அதன் பக்கத்தில் இருக்கும் மிகச் சிறிய எழுத்துகளில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். நம்பகமான கடையில் வாங்கிய அதே பக்கற்றை அருகில் வைத்து ஒப்பிட்டால்தான் இதற்கு மதிப்பு. குறைந்த அளவில் டிஜிட்டல் அச்சில் எடுக்கும் சிறு நிறுவனங்களின் அசல் பைகளிலும் நிறப் புள்ளிகள் இருக்கலாம்.

எண்ணைச் சரியாக வாசித்தல்

629 என்று தொடங்கிய பக்கற்றின் படத்தில் பதினோராவது இலக்கம் 8 ஆகவும் தெரிந்தது, 3 ஆகவும் தெரிந்தது. இதற்கு மறுபடி படம் கேட்கத் தேவையில்லை. கடைசி இலக்கம் முந்திய பன்னிரண்டிலிருந்து கணக்கிட்டுப் பெறும் சரிபார்ப்பு இலக்கம். இடப்பக்கத்திலிருந்து ஒற்றை இடங்களில் உள்ளவற்றைக் கூட்டுங்கள். இரட்டை இடங்களில் உள்ளவற்றைக் கூட்டி மூன்றால் பெருக்குங்கள். இரண்டையும் சேர்த்து, அடுத்த பத்தின் மடங்குக்கு எவ்வளவு குறைகிறது என்று பாருங்கள். விளக்கத்துக்காக நானே கோத்த ஒரு எண்ணில் செய்து காட்டுகிறேன்:

```
6291234567894

6+9+2+4+6+8 = 35
(2+1+3+5+7+9) × 3 = 81
35 + 81 = 116
120 - 116 = 4
```

கடைசி இலக்கம் 4, பொருந்துகிறது. பதினோராவது இடத்தில் 8 க்குப் பதிலாக 3 என்று எடுத்திருந்தால் கூட்டுத்தொகை 111 ஆகி, கடைசியில் 9 வந்திருக்கவேண்டும். ஆகவே அது 8 தான். ஒரேயொரு இலக்கம் பிழைத்தால் இந்தக் கணக்கு எப்போதும் பிடித்துவிடும்.

கணக்குப் பொருந்தவில்லை என்றால் முதலில் உங்கள் வாசிப்பைச் சந்தேகியுங்கள். தெளிவான படத்திலும் பொருந்தாவிட்டால் அந்த எண் செல்லுபடியாகாத எண். பக்கற்றை அச்சிட்டவர் எதையோ மனம்போல எழுதியிருக்கிறார். பொருந்தினால் எண்ணின் அமைப்புச் சரி, அவ்வளவுதான். இந்தக் கணக்குத் தெரிந்த எவரும் பொருந்தும் எண்ணை ஆக்கிவிடலாம்.

முன்னெண் எந்த நாட்டைச் சொல்கிறது

479 இலங்கைக்கு, 890 இந்தியாவுக்கு, 629 ஐக்கிய அரபு அமீரகத்துக்கு என்று பட்டியல் இருப்பது உண்மை. ஆனால் அந்த மூன்று இலக்கங்கள், பொருளுக்கு எண் கொடுத்த நிறுவனம் பார்கோடு எண்களை வழங்கும் ஜிஎஸ்1 அமைப்பின் எந்த நாட்டுக் கிளையில் பதிந்து எண் பெற்றது என்பதையே சொல்கின்றன. தேயிலை எந்த மலையில் விளைந்தது, எங்கே பொதியிடப்பட்டது என்பதற்கு அதில் இடமில்லை.

தேயிலையில் இது நாள்தோறும் நடக்கிறது. ஓர் ஆங்கிலேய நிறுவனத்துக்காகக் கொழும்பில் பொதியிடும்போது அதில் அந்த நிறுவனத்தின் 50 என்று தொடங்கும் எண்ணே அச்சாகும். உள்ளே திம்புள்ளைத் தேயிலை மட்டும் இருக்கலாம். துபாயில் பல நாட்டுத் தேயிலையை இறக்கிக் கலந்து பொதியிடும் தொழில் பெரிதாக நடக்கிறது. அங்கு பதிந்த நிறுவனம் இலங்கைத் தேயிலையை மொத்தமாக வாங்கிப் பொதியிட்டால் எண் 629 என்றே தொடங்கும். 479 எண் பெற்ற இலங்கை நிறுவனம் வேறு நாட்டில் செய்த பொருளுக்கும் அதே 479 ஐப் போடலாம், அதில் தவறும் இல்லை.

2 என்று தொடங்கும் எண்களை மட்டும் தனியாகக் கவனியுங்கள். 200 முதல் 299 வரையானவை கடைகள் தமக்குள் பயன்படுத்த ஒதுக்கியவை. அங்காடியில் நிறுத்து ஒட்டும் மரக்கறிச் சிட்டையில் பார்த்திருப்பீர்கள். தொழிற்சாலையிலிருந்து வந்ததாகச் சொல்லும் மூடிய பக்கற்றில் அப்படி ஒரு சிட்டை அசல் பார்கோட்டின் மேல் ஒட்டியிருந்தால், கீழே என்ன இருக்கிறது என்று உரித்துப் பாருங்கள்.

முன்னெண்ணோடு நிற்காமல் முழு எண்ணையும் `Verified by GS1` என்ற இணையப் பக்கத்தில் இட்டால், அந்த எண்ணுக்கு உரிமை பெற்ற நிறுவனத்தின் பெயர் வரும். பக்கற்றில் எழுதிய பெயரும் அதுவும் ஒன்றானால் நல்லது. வேறானால் உடனே முடிவு கட்டவேண்டாம்: வர்த்தகப் பெயர் கைமாறியிருக்கலாம், வேறொருவர் பொதியிட்டிருக்கலாம். தகவல் எதுவும் வராமலும் போகலாம். இதோடு, கைத்தொலைபேசியில் இறக்கிக்கொள்ளும் சில வருடிச் செயலிகள் காட்டும் பொருட்பெயரைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அவற்றில் பல, யார் யாரோ பதிந்த பட்டியல்களிலிருந்து எடுக்கின்றன.

629 பக்கற்றின் பின்புறப் படம் வந்தபோது அதில் "இலங்கைத் தேயிலை, ஐக்கிய அரபு அமீரகத்தில் பொதியிடப்பட்டது" என்ற பொருளில் தெளிவாக அச்சிட்டிருந்தது. வாள் ஏந்திய சிங்க இலச்சினை அதில் இல்லை. இலங்கைத் தேயிலைச் சபைக்குச் சொந்தமான அந்த இலச்சினையை, முழுக்க இலங்கைத் தேயிலையாக இருந்து இலங்கையிலேயே பொதியிட்ட பக்கற்றில் மட்டுமே போடலாம். ஆகவே அந்தப் பக்கற்று சொல்வது ஒன்றுக்கொன்று முரண்படவில்லை: எண் அமீரகம், பொதியிடல் அமீரகம், சிங்கம் இல்லை. உள்ளே இருப்பது நம் தேயிலைதானா என்று படம் சொல்லாது. அதைப் போலி என்று சொல்லவும் படத்தில் எதுவும் இல்லை. அதே பக்கற்றில் சிங்கம் இருந்திருந்தால் நான் தேயிலைச் சபைக்கு எழுதச் சொல்லியிருப்பேன்.

கோடுகளும் இலக்கங்களும் ஒன்றா

479 பக்கற்றை மருமகன் நம்பிவிட்டான். அச்சுக் கூராக இருந்தது, சிங்கமும் இருந்தது. நான் வழக்கமாகச் செய்யும் கடைசிச் சோதனையை அதற்கும் செய்தேன். படத்தை இன்னொரு திரையில் திறந்து, எண்ணை மட்டும் காட்டும் வருடிச் செயலியால் கோடுகளைப் படித்து, கீழே அச்சிட்டிருக்கும் இலக்கங்களோடு ஒப்பிடுவதுதான் அது.

கோடுகளும் இலக்கங்களும் அச்சில் இரண்டு தனி விஷயங்கள். வருடி கோடுகளை மட்டும் படிக்கும், மனிதர் இலக்கங்களை மட்டும் படிப்பார்கள். பை வடிவமைப்பில் முறையான மென்பொருள் இரண்டையும் சேர்த்தே ஆக்கும். எங்கிருந்தோ கோடுகளின் படத்தை வெட்டி ஒட்டி, இலக்கங்களைத் தனியாகத் தட்டெழுதினால் இரண்டும் பிரிந்துபோகும். கடைக்காரர் கண்ணுக்கு இது தெரியவே தெரியாது.

உண்மையான எண்களுக்குப் பதிலாக மறுபடி நான் கோத்த எண்களைத் தருகிறேன். பக்கற்றின் இலக்கங்கள் 4791234567891 என்றன. செயலி படித்தது 4791234567808. இரண்டுக்கும் சரிபார்ப்புக் கணக்குப் பொருந்துகிறது, இரண்டும் ஒரே நிறுவனத்தின் தொடர். நிறுவனத்தின் வேறொரு பொருளின் கோடுகள் இந்தப் பக்கற்றில் ஏறியிருந்தன.

இதுவும் முழுச் சான்று அல்ல. அசல் நிறுவனங்களிலும் புதிய அளவுப் பக்கற்றுக்கு வடிவமைக்கும்போது பழைய கோடுகள் தவறி நின்றுவிடுவதுண்டு. அதனால் அவனிடம் இரண்டாவது படத்தை, தொகுதி எண்ணும் திகதியும் உள்ளதை, மறுபடி தெளிவாக எடுக்கச் சொன்னேன். இவை பை அச்சாகும்போது வருவன அல்ல. பொதியிடும் நேரத்தில் இயந்திரம் தெளிக்கும் மையால் அடிப்பவை. பார்கோடு எல்லாப் பக்கற்றுக்கும் பொது, தொகுதி எண் அந்த நாளின் பொதியிடலுக்கு மட்டும் உரியது. எந்த இயந்திரத்தில், எந்தத் தேயிலைக் கலவையை, எப்போது போட்டோம் என்று நிறுவனத்தின் பதிவேட்டில் அந்த எண்ணுக்கு எதிரே இருக்கும். கேள்வி கேட்கவேண்டிய எண் அதுதான்.

மூன்று படங்களையும், கடையின் பற்றுச்சீட்டையும், இரண்டு எண்களையும் வைத்து அந்த ஏற்றுமதி நிறுவனத்துக்கு நான்கு வரியில் எழுதினேன். "இது போலியா" என்று கேட்கவில்லை. இந்தத் தொகுதி எண் உங்களுடையதா, இந்த அளவுப் பக்கற்றை இந்த நாட்டுக்கு அனுப்பினீர்களா என்று இரண்டு கேள்விகள் மட்டும். பொருளை இலங்கையில் வாங்கியிருந்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற எண்ணில் அறிவிக்கலாம்; பற்றுச்சீட்டு அங்கும் தேவைப்படும்.

ஐந்தாம் நாள் பதில் வந்தது. கோடுகளில் இருந்த எண் அவர்களுடைய 400 கிராம் பக்கற்றுக்கு உரியது. அந்தத் தொகுதி எண் அவர்களுடைய பதிவேட்டில் இல்லை. 200 கிராம் பக்கற்றை அவர்கள் கட்டாருக்கு அனுப்பியதே இல்லை. மீதமிருக்கும் பக்கற்றைப் பிரிக்காமல் வைத்திருக்கும்படி கேட்டிருந்தார்கள். அதை அப்படியே மருமகனுக்கு அனுப்பிவைத்தேன். 629 பக்கற்றை அவன் ஏற்கெனவே பிரித்துத் தேநீர் போட்டுக் குடித்துக்கொண்டிருந்தான்.